"ஏன் இன்னும் கலியாணம் கட்டேல்ல?" என்று சாட்டில் கேட்டால்

கேள்வி: எனக்கு 34 வயது, கிளிநொச்சி. பேச்சுக்கால் ஒன்று வந்து, குறிப்பும் பொருந்தி, கனடாவில் இருக்கிற அவரோடு ஒரு கிழமையாக வாட்ஸ்அப்பில் கதைக்கிறேன். நேற்று இரவு "நீங்கள் ஏன் இன்னும் கலியாணம் கட்டேல்ல?" என்று எழுதினார். எழுதுவதும் அழிப்பதுமாக இருக்கிறேன். ஒன்றில் மன்னிப்புக் கேட்பது போல வருகிறது, இல்லாவிட்டால் சண்டைக்குப் போவது போல வருகிறது. என்ன எழுதலாம்?

தங்கச்சி, மூன்று வரி எழுதுங்கள். நடந்தது ஒரு வரி, இப்போது உங்கள் எண்ணம் என்ன என்பது ஒரு வரி, அவரைப் பற்றி ஒரு கேள்வி. அதற்கு மேல் போனால் மன்னிப்பின் சாயல் வரும். அதற்குக் குறைந்து, கேள்வி மட்டும் நின்றால் சண்டையின் சாயல் வரும். ஏன் அப்படி என்பதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன், ஏனென்றால் நான் ஒரு வரியை எழுதித் தர நீங்கள் அதை அப்படியே அனுப்பினால், அடுத்த கேள்விக்கு மாட்டிக்கொள்வீர்கள்.

நான் மல்லாவிப் பக்கம். காசு வாங்குகிற புரோக்கர் இல்லை, ஆனால் கனகாலமாகப் பேச்சுக்கால்களில் இரண்டு வீட்டுக்கும் நடுவில் நிற்கிற ஆள். முந்தி குறிப்பும் படமும் கொண்டுபோய்க் குடுப்பதோடு என் வேலை முடிந்தது. இப்போது பொருத்தம் பார்த்த கையோடு இரண்டு பேருக்கும் நம்பரைக் குடுத்து "கதைச்சுப் பாருங்கோ" என்று விட்டுவிடுகிறார்கள். அதற்குப் பிறகு இரண்டு பக்கத்துப் பிள்ளைகளும் "அக்கா, இதுக்கு என்ன அர்த்தம்?" என்று ஸ்கிரீன்ஷொட் அனுப்புவார்கள். ஒரே பதிலை எழுதினவர் எப்படி நினைத்து எழுதினார், வாசித்தவர் எப்படி விளங்கிக்கொண்டார் என்று இரண்டு பக்கமும் பார்க்கக் கிடைப்பது அதனால்தான்.

முதலில் அவர் கேட்ட நேரத்தைப் பாருங்கள். ரொறன்ரோ பக்கம் என்றால் கோடையில் நமக்கு ஒன்பதரை மணித்தியாலம் பின்னால், குளிர்காலத்தில் பத்தரை. உங்களுக்கு இரவு 11 மணி என்றால் அவருக்கு மத்தியானம், பெரும்பாலும் சாப்பாட்டு இடைவேளை. ஒரு கையில் சாப்பாடும் மறு கையில் போனுமாகத் தட்டிவிட்ட ஒரு வரியை நீங்கள் இருட்டுக்குள் படுத்திருந்து பத்துத் தரம் வாசிக்கிறீர்கள். அவர் கேட்ட கேள்வியின் கனத்துக்கும் நீங்கள் எழுதப்போகிற பதிலின் கனத்துக்கும் இடையில் முதல் இடைவெளி அங்கேயே விழுகிறது. ஆகவே இரவில் எழுத வேண்டாம். காலையில் எழுதி அனுப்புங்கள். பிந்தியதற்கு விளக்கம் தேவையில்லை. "சொறி, நேற்று நித்திரையாப் போனன்" என்று தொடங்கினால், பதில் வர முதலே ஒரு மன்னிப்பு அங்கே உட்கார்ந்துவிடும்.

இன்னொன்று, பெட்டிக்குள் எழுதி அழிக்காதீர்கள். அந்த நேரம் அவரும் சாட்டைத் திறந்து வைத்திருந்தால், நீங்கள் டைப் பண்ணுவதாகக் காட்டி நிற்பதும் திரும்ப வருவதும் அவருக்குத் தெரியும். ஐந்து நிமிடம் அப்படி ஓடிய பிறகு ஒரு சின்னப் பதில் வந்தால், எதையோ எழுதி மறைத்துவிட்டீர்கள் என்றுதான் படும். அனுப்பிவிட்டு எல்லோருக்கும் அழித்தாலும் அழித்த அடையாளம் அங்கேயே கிடக்கும். நோட்ஸில் எழுதிப் பார்த்து, சரி என்று பட்ட பிறகு கொப்பி பண்ணிப் போடுங்கள்.

இனி ஒரு பிள்ளையின் கதை. ஆளை அடையாளம் தெரியாதபடி விபரங்களைக் கொஞ்சம் மாற்றித்தான் சொல்கிறேன். விசுவமடுப் பக்கம், வயது 35, ஒரு கூட்டுறவுச் சங்கத்தில் கிளார்க். மாப்பிள்ளைக்கு 38, கனடா. இதே கேள்வி அவளுக்கும் வந்தது. அனுப்ப முதல் எனக்குக் காட்டிய பதில் இது:

"உண்மையாச் சொல்லப்போனா பெரிசா ஒரு காரணமும் இல்லை. 2009ல அப்பா இல்லாமப் போனார். பிறகு முகாம். வெளியில வரேக்க தங்கச்சி பத்தாம் வகுப்பு, தம்பி ஏழாம் வகுப்பு. இருக்க வீடும் இல்லை. வீட்டுத்திட்டம் வந்து, அதைக் கட்டி முடிக்கக் கடன் பட்டு, அதைக் கட்டவே காலம் போட்டுது. இடையில ரெண்டு பேச்சு வந்தது, ஒண்டு குறிப்புப் பொருந்தேல்ல, மற்றவை சீதனம் கூடக் கேட்டவை. பிறகு தங்கச்சிக்கு முதல் செய்ய வேண்டி வந்திட்டுது. எனக்குச் செவ்வாய் ஒண்டும் இல்லை. வருத்தம் ஒண்டும் இல்லை. ஊரில ஆரையும் விசாரிச்சுப் பாக்கலாம். பிழையா நினைக்காதேங்கோ."

கடைசியில் ஒரு சிரிக்கிற முகமும் இருந்தது.

இதில் பொய் ஒன்றும் இல்லை. ஒவ்வொரு வரியும் அந்தப் பிள்ளை பட்டது. ஆனால் அங்கே இருந்து வாசிக்கிற மனுசனாக நின்று பாருங்கள். "பெரிசா ஒரு காரணமும் இல்லை" என்று தொடங்கி ஏழெட்டுக் காரணம் வருகிறது. காரணம் கூடக்கூட ஒவ்வொன்றின் பலமும் குறைகிறது. அப்பாவின் இழப்பு ஒன்றே போதுமானது, அதன் பக்கத்தில் சீதனக் கதையை வைத்தவுடன் அது வரிசையில் ஒன்றாகிவிடுகிறது. அடுத்தது, கேட்காததற்கெல்லாம் மறுப்பு. செவ்வாய் பற்றி அவர் கேட்கவில்லை. குறிப்புப் பார்த்துப் பொருந்தித்தானே நம்பர் கைமாறியது? வருத்தம் பற்றியும் கேட்கவில்லை. கேட்காமலே "இல்லை" என்றால், "அப்ப ஆரோ அப்பிடிச் சொல்லியிருக்கினம்" என்றுதான் மனம் போகும். ஆகக் கெட்டது அந்த விசாரிக்கச் சொன்ன வரி. அதோடு அவள் தன்னைப் பற்றிய தீர்ப்பை ஊரிடம் ஒப்படைத்துவிட்டாள். இனி அவர் எந்த மாமியிடம் என்ன கேட்டாலும், கேட்கச் சொன்னதே இவள்தான்.

இதை வாசித்துவிட்டு அவளுடைய தங்கச்சி, அது கொஞ்சம் சூடான பிள்ளை, "இப்பிடி அனுப்பு" என்று வேறொன்று எழுதிக் குடுத்தது: "ஏன், 35 வயசில கட்டக் கூடாதோ? உங்களுக்கும் 38 தானே, நீங்கள் ஏன் கட்டேல்ல?"

சிரிப்பாகத்தான் இருந்தது. கேட்பதில் நியாயமும் இருக்கிறது. ஆனால் முதல் கேள்விக்குப் பதில் சொல்லாமல் திருப்பிக் கேட்டால், இந்த இடத்தில் நோகிறது என்று விரல் வைத்துக் காட்டியதாகிவிடும். முதலாவது பதில் நீளத்தால் மன்னிப்புக் கேட்டது. இரண்டாவது பதில் சொல்லாததால் சண்டை பிடித்தது. இரண்டிலும் அவர் நீதிபதியாகவும் இவள் கூண்டில் நிற்கிறவளாகவும்தான் இருக்கிறாள்.

கடைசியாக அனுப்பியது இது:

"அப்பா 2009ல இல்லாமப் போன பிறகு தம்பி தங்கச்சியைப் பாக்கிற பொறுப்பை நான் எடுத்தனான். தங்கச்சி கலியாணம் கட்டி, தம்பியும் வேலைக்குப் போன பிறகுதான் என்ர பக்கம் யோசிக்கத் தொடங்கினன். இப்ப கட்ட விருப்பம் இருக்கு, அதாலதான் உங்களோட கதைக்கிறன். உங்களுக்கு இவ்வளவு காலமும் எப்பிடிப் போச்சுது?"

நான்கு வசனம், ஒரே செய்தி. உங்களுக்கு நான் சொன்ன மூன்று வரியும் இதற்குள் இருக்கிறது, நடந்தது மட்டும் இரண்டு வசனமாக வந்திருக்கிறது.

முதல் இரண்டு வசனத்திலும் வினைச்சொல்லைக் கவனியுங்கள். "பொறுப்பு என்ர தலையில விழுந்தது", "கட்ட ஏலாமப் போச்சுது", "ஒண்டும் அமையேல்ல" என்றெல்லாம் நாங்கள் சாதாரணமாகச் சொல்கிறோம். நேரில் சொன்னால் குரல் அதைத் தூக்கி நிறுத்தும். எழுத்தில் குரல் இல்லை, எல்லாம் இவளுக்கு நடந்தது, இவள் ஒன்றும் செய்யவில்லை என்றே படும். "நான் எடுத்தனான்", "யோசிக்கத் தொடங்கினன்" என்று எழுதினால், செய்த ஆள் வரிக்குள் நிற்கிறாள். ஆனால் இது உங்களுக்கு உண்மையாக இருக்க வேண்டும். உங்களைக் கேட்காமலே வீட்டில் உங்கள் கலியாணத்தைத் தள்ளிப்போட்டிருந்தால், "எடுத்தனான்" என்று பெருமையாக எழுத வேண்டாம். "வீட்டு நிலைமையில முதல் தங்கச்சிக்குச் செய்தம்" என்று நடந்ததை நடந்தபடி எழுதுங்கள், போதும்.

அடுத்தது அந்த ஆண்டு. 2009 என்று எழுதினால் தமிழ் வாசிக்கிற எவருக்கும் விளங்கும். முள்ளிவாய்க்காலும் செட்டிகுளம் முகாமும் அதற்குள் வந்துவிட்டன, விரித்து எழுதத் தேவையில்லை. விரித்தால் இன்னொரு சிக்கலும் வரும். அங்கே இருக்கிறவர் என்ன சொல்வதென்று தெரியாமல் "சொறி" என்று போடுவார், அழுகிற முகம் ஒன்று போடுவார், பிறகு நீங்கள் "பரவாயில்லை" என்று அவரைத் தேற்ற வேண்டி வரும். கதை அதோடு படுத்துவிடும். இழப்பைச் சொன்ன வரியை அடுத்த வரி உடனே முன்னுக்குக் கொண்டுபோக வேண்டும். தங்கச்சி கட்டினாள், தம்பி வேலைக்குப் போனான் என்ற வசனம் அந்த வேலையைத்தான் செய்கிறது. இழப்பைப் பற்றிக் கதைக்க வேண்டிய நாள் வரும், அது இந்தக் கேள்விக்கான பதிலில் இல்லை.

இங்கே ஒன்றைச் சொல்ல வேண்டும். வன்னியில் இன்றைக்கு முப்பதின் நடுப்பகுதியில் இருக்கிறவர்களின் நிலைமை வேறு. 2009இல் உங்களுக்கு 17, 18 வயது. அதற்கு முந்திய இரண்டு மூன்று வருடங்களில், பிள்ளையை இயக்கத்துக்குப் பிடித்துக்கொண்டு போய்விடுவார்கள் என்ற பயத்தில் பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்கே அவசரமாகத் தாலி கட்டி வைத்த வீடுகள் எத்தனை. அப்படிக் கட்டினவர்களில் தனித்துப்போனவர்களும் உங்கள் வகுப்பில் இருப்பார்கள். கட்டாமல் தப்பினவர்கள் முகாமுக்குள் இருந்து உயர்தரம் எழுதி, மீள்குடியேறி, தறப்பாள் கொட்டிலில் இருந்து வீடு கட்டி எழும்ப, வயது முப்பதுக்குக் கிட்டப் போய்விட்டது. தொண்ணூறுகளில் நாட்டை விட்டுப் போனவருக்கு இது கேள்விப்பட்ட கதை மட்டும்தான். ஆகவே அவர் கேட்பதில் குத்தல் இல்லாமலும் இருக்கலாம். உண்மையிலேயே தெரியாமல் கேட்கிறார்.

"இப்ப கட்ட விருப்பம் இருக்கு" என்ற வரியைத்தான் எல்லோரும் விட்டுவிடுகிறார்கள். எனக்கு ஸ்கிரீன்ஷொட் அனுப்புகிற மாப்பிள்ளைமாரிடம் "ஏன் தம்பி இதைக் கேட்டனீர்?" என்று கேட்டால், பாதிப் பேர் சொல்வது ஒன்றுதான்: "அவவுக்கு விருப்பம் இருக்கோ, வீட்டுக்காரரின்ர கரைச்சலுக்குக் கதைக்கிறாவோ எண்டு தெரியேல்ல அக்கா." அவர்களுக்கு வேண்டியது பழைய கணக்கு இல்லை, உங்களுடைய இன்றைய மனம். அது ஒரு வரியில் வந்துவிட்டால், முதல் வரியில் என்ன காரணம் இருந்தது என்பதைக்கூட மறந்துவிடுகிறார்கள்.

திருப்பிக் கேட்கிற கேள்வி அதே செய்திக்குள் இருக்கட்டும். பதிலை அனுப்பி, நீல டிக் விழுந்து, ஐந்து நிமிடம் பார்த்துவிட்டு "அப்ப நீங்கள்?" என்று தனியாகப் போட்டால், பழிக்குப் பழி போல இருக்கும். ஒன்றாகப் போனால் கதையை அவர் பக்கம் நகர்த்தியதாக இருக்கும். "நீங்கள் ஏன் கட்டேல்ல?" என்று அவருடைய வசனத்தையே திருப்பாமல், "எப்பிடிப் போச்சுது" என்று கேட்டதையும் கவனியுங்கள்.

அவர் என்ன எழுதினார் என்று கேட்பீர்கள். அகதி வழக்கு இழுபட்ட வருடங்களையும், காட் கைக்கு வரும்வரைக்கும் ஒன்றையும் யோசிக்க முடியாமல் இருந்ததையும் நீளமாக எழுதினார். இவளுடைய காரணத்தைப் பற்றி ஒரு சொல் இல்லை. அதுதான் பதில் சரியாகப் போய்ச் சேர்ந்ததற்கு அடையாளம். (அந்தப் பேச்சுக்கால் பிறகு சரிவரவில்லை. அம்மாவைத் தனிய விட்டுவிட்டுப் போவதற்கு இவள் சம்மதிக்கவில்லை. அது வேறு கதை.)

உங்கள் காரணம் வேறாக இருக்கலாம். குடும்பப் பொறுப்பு என்பது நம்முடைய ஊரில் எல்லோரும் ஏற்றுக்கொள்கிற காரணம். அதனால் காரணம் அதுவாக இல்லாதவர்களும் அதையே எடுத்து வைக்கிறார்கள். வேண்டாம். கலியாணப் பேச்சில் விசாரணை எப்படியும் நடக்கும், உங்கள் தம்பிக்குச் சின்ன வயதிலேயே வேலை கிடைத்த கதை ஒரு ரெலிபோனில் வந்துவிடும். படிப்பும் வேலையும்தான் காரணம் என்றால், "வேலை நிரந்தரமாகும்வரைக்கும் வேண்டாம் எண்டு நான்தான் வீட்டில சொன்னனான். நிரந்தரமாகிட்டுது, இப்ப விருப்பம்" என்று எழுதலாம். வந்த பேச்சுகள் சீதனத்தில் முறிந்திருந்தால், யார் எவ்வளவு கேட்டார்கள் என்ற கணக்கு வேண்டாம். "வந்த பேச்சுகளில சீதனக் கதை வந்தது, அது எனக்குச் சரிவரேல்ல" என்றால் உங்கள் நிலைப்பாடும் அதில் தெரியும், அவர் வீட்டாருக்கும் ஒரு செய்தி போகும். பெரிதாக ஒரு காரணமும் இல்லாவிட்டால், "மனசுக்குப் பிடிச்ச ஆள் வரேல்ல, அவசரப்படவும் இல்லை" என்று எழுதுங்கள். இதை எழுதத்தான் பொம்பிளைப் பிள்ளைகள் ஆகக் கூடப் பயப்படுகிறார்கள். நான் பார்த்த அளவில் இந்தப் பதிலால் முறிந்த பேச்சு ஒன்றும் இல்லை.

இனி இரண்டாவது கேள்வி. "வேற ஒண்டும் இல்லையோ?" என்று பல பேர் கேட்பார்கள். வேறு ஒன்றும் இல்லாவிட்டால், "இல்லை, இதுதான்" என்று எழுதி நிறுத்துங்கள். அந்த இடத்தில் இன்னொரு காரணம் சேர்த்தால், முதல் சொன்னது முழுதில்லை என்று நீங்களே ஒத்துக்கொண்டதாகிவிடும்.

வேறு ஏதும் இருந்தால், அதை எழுத வேண்டாம். முந்தி ஒருவரை விரும்பியது, கலியாண எழுத்து நடந்து பிறகு நின்றது, உடம்பில் இன்னும் கிடக்கிற செல் துண்டு, இயக்கத்தில் இருந்தது, புனர்வாழ்வுக்குப் போய் வந்தது. இவை இல்லாத மாதிரி நடிக்கச் சொல்லவில்லை. எழுத்துக்கு நாள் குறிக்க முதல் அவருக்குத் தெரிய வேண்டியவைதான், முக்கியமாக முந்திய எழுத்து. ஆனால் சாட்டில் போட்டது ஒரு நிமிடத்தில் ஸ்கிரீன்ஷொட்டாகி அவருடைய அக்காவின் போனுக்கும், அங்கிருந்து குடும்பக் குறூப்புக்கும் போகும். இதைச் சொல்கிற எனக்கே அப்படித்தானே வந்து சேர்கின்றன. இயக்க விசயம் என்றால், எழுத்தில் கிடப்பது வேறு விதத்திலும் நல்லதில்லை என்று உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. "இருக்கு, எழுதாம நேர சொல்லுறன். ஞாயிற்றுக்கிழமை கோல் எடுப்பமா?" என்று நாள் சொல்லி எழுதுங்கள். நாள் சொல்வது முக்கியம். "பிறகு சொல்லுறன்" என்று விட்டால் மறைப்பது போல இருக்கும், நாள் குறித்தால் சொல்ல முடிவெடுத்த ஆளாக இருப்பீர்கள். அந்த ஞாயிறு கட்டாயம் சொல்லிவிட வேண்டும்.

"சும்மா கேட்டனான்" என்று அவர் பின்வாங்கினால், விட்டுவிடுங்கள். "இல்லை, நீங்கள் கேக்கிறது சரிதான், எனக்கு என்னெண்டா..." என்று திரும்பவும் தொடங்குகிறவர்களை நான் கண்டிருக்கிறேன். அவர் மூடின கதவைத் தாங்களே திறக்கிறார்கள்.

அதே கேள்வியை வேறு வேறு உருவத்தில் மூன்றாம் தரமும் கேட்டால், அவருடைய காதில் யாரோ எதையோ போட்டிருக்கிறார்கள். "ஊரில வேற மாதிரிச் சொல்லினம்" என்று சில பேர் வாய்விட்டே எழுதுவார்கள். அந்த இடத்தில் உங்கள் காரணத்தை மூன்றாம் தரம் சொல்ல வேண்டாம். "ஆர் என்ன சொன்னவை? அதைச் சொல்லுங்கோ, அதுக்குப் பதில் சொல்லுறன்" என்று கேளுங்கள். சொன்னார் என்றால் அந்த ஒன்றுக்கு மட்டும் பதில். சொல்ல மாட்டேன் என்றால், என்ன குற்றம் என்று தெரியாமல் பதில் சொல்லிக்கொண்டிருக்க உங்களுக்குக் கடமை இல்லை. வீட்டில் பெரியவர்களிடம் சொல்லி, நடுவில் நிற்கிறவரைக் கேட்கச் சொல்லுங்கள். எங்களை மாதிரி ஆக்கள் இருப்பது அதற்குத்தான்.

முகநூலில் தெரியாதவன் ஒருவன் இன்பொக்ஸில் வந்து இதைக் கேட்டால் பதிலே தேவையில்லை. குடும்பக் குறூப்பில் லண்டன் மாமி நாற்பது பேருக்கு முன்னால் கேட்டால், மேலே சொன்ன மூன்று வரியும் அங்கே வேண்டாம். மாமிக்குக் காரணம் தேவையில்லை, கதை வேணும். "சரிவந்தா முதல் சொல்லுறது உங்களுக்குத்தான் மாமி. முழங்கால் வருத்தம் இப்ப எப்பிடி?" என்று போடுங்கள். முழங்காலைப் பற்றி நாலு வொய்ஸ் வரும், பொறுமையாகக் கேளுங்கள்.